பெங்களூரில் முன்பின் தெரியாதவரிடம் எந்த மொழியில் பேச்சைத் தொடங்குவது: முழுமையான வழிகாட்டி

பெங்களூரில் வழி கேட்க, ஆட்டோ பிடிக்க, பூ வாங்க, லிஃப்டில் ஒருவரைப் பார்த்துத் தலையசைக்க என்று எதற்கு வாயைத் திறந்தாலும் முதல் சொல் எந்த மொழியில் வர வேண்டும் என்ற குழப்பம் கூடவே வரும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நகரத்தில் கன்னடத்தைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் பாதிக்கும் குறைவு. தமிழ், தெலுங்கு, உருது மூன்றும் தனித்தனியாகப் பத்தில் ஒரு பங்குக்கு மேல். அதற்குப் பிறகு வேலைக்காக வந்தவர்களால் இந்தி, மலையாளம், ஒடியா, வங்காளம், அசாமிய மொழிகளும் தெருவில் கூடிவிட்டன.

இந்தக் கணக்கைப் பார்த்துவிட்டு, 'எல்லாருக்கும் எல்லா மொழியும் தெரியும், எதில் பேசினாலும் ஓடிவிடும்' என்று நினைப்பவர்கள் உண்டு. ஓடுவது உண்மைதான். ஆனால் எந்த மொழியில் தொடங்குகிறோம் என்பது தகவலை மட்டும் கொண்டுபோவதில்லை. 'இது உங்கள் ஊர், நான் வந்தவன்' என்றோ, 'நீங்கள் என் மொழிக்கு வாருங்கள்' என்றோ அதுவே சொல்லிவிடுகிறது. தமிழ் பேசுகிறவர்கள் இதை எப்படிக் கையாளலாம் என்பதே இங்கே விஷயம்.

முதல் படி: தொடங்குவது கன்னடத்தில்

விதி எளியது. எதிரே இருப்பவர் யாரென்று தெரியாதபோது முதல் வாக்கியம் கன்னடம். பேச்சு முழுவதும் அல்ல, முதல் வாக்கியம் மட்டும்.

ஏன் மற்றவை சரிப்படுவதில்லை என்று பார்த்துவிடலாம். இந்தியில் தொடங்கினால் உள்ளூர்க்காரருக்கு எரிச்சல் வர நிறைய வாய்ப்பு. 2017-ல் மெட்ரோ நிலையங்களின் இந்திப் பலகைகளுக்கு எதிர்ப்புக் கிளம்பி அவை நீக்கப்பட்ட ஊர் இது. அதிலும் தமிழர் ஒருவர் தட்டுத் தடுமாறி இந்தியில் கேட்டு, கன்னடர் ஒருவர் தட்டுத் தடுமாறி இந்தியில் பதில் சொல்வது இரண்டு பேருக்கும் வீண் சிரமம். ஆங்கிலம் அலுவலகத்திலும் மாலிலும் சரி. ஆட்டோவிலும் மார்க்கெட்டிலும் அது ஆளைத் தள்ளி நிறுத்தும். தமிழில் தொடங்குவது பல இடங்களில் வேலை செய்யும். ஆனால் அது ஒரு கணிப்பு. கணிப்பு தவறினால், 'இவர் நம்மைக் கேட்காமலே நமக்குத் தமிழ் தெரியும் என்று முடிவு கட்டிவிட்டார்' என்று எதிரே இருப்பவருக்குத் தோன்றும். கன்னடத்தில் தொடங்கிக் கணிப்பு தவறினால் அப்படி யாருக்கும் தோன்றாது. ஒடிசாவிலிருந்து வந்த காவலாளிகூட, 'கன்னடம் தெரியாது' என்று சிரித்துவிட்டு அடுத்த மொழிக்குப் போய்விடுவார்.

இரண்டாம் படி: ஒரு வாக்கியத்தை உருப்படியாகத் தயார் செய்வது

இதற்குக் கன்னடம் கற்க வேண்டியதில்லை. பெங்களூரில் இடம், திசை, எண் எல்லாம் எந்த மொழிப் பேச்சிலும் பெரும்பாலும் ஆங்கிலச் சொற்களாகவே இருக்கும். 'டுவெல்த் கிராஸ்', 'ஃபிஃப்த் மெயின்', 'சிக்னல்', 'லெஃப்ட்', 'ரைட்' எதையும் மாற்ற வேண்டாம். மாறுவது அதைச் சுற்றியுள்ள நாலைந்து சொற்கள்தான்.

ஆட்டோவுக்கு: 'சார், இந்திராநகர் பர்தீரா?' (வருவீங்களா). வழி கேட்க: 'சார், டுவெல்த் கிராஸ் எல்லி?' (எங்கே). கடையில்: 'இது எஷ்டு?' (எவ்வளவு). பஸ்ஸில்: 'மெஜஸ்டிக், எரடு கொடி' (ரெண்டு குடுங்க). அலுவலகத்திலும் குடியிருப்பிலும்: 'நமஸ்காரா சார்'. இந்த 'நமஸ்காரா'வை ஆட்டோக்காரரிடமும் பூக்காரரிடமும் சொல்லத் தேவையில்லை. அங்கே 'சார்', 'அண்ணா', 'அக்கா', 'அம்மா' என்ற விளியே வணக்கம். அண்ணா, அக்கா, அம்மா மூன்றும் கன்னடத்திலும் அதே சொற்கள், அதே மரியாதை.

இதோடு ஒரு வாக்கியத்தை மனப்பாடம் செய்துகொண்டால் பாதி வேலை முடிந்தது: 'நனகே கன்னட ஸ்வல்ப மாத்ர பருத்தே.' எனக்குக் கன்னடம் கொஞ்சம்தான் வரும் என்று பொருள்.

தமிழர்கள் சறுக்கும் இடம் பெரும்பாலும் வினைச்சொல்லின் கடைசி எழுத்து. தமிழில் 'குடு' என்பதற்கும் 'குடுங்க' என்பதற்கும் உள்ள தூரம் கன்னடத்தில் பெரும்பாலும் ஒரே உயிரொலியில் அடங்கிவிடுகிறது. 'கொடு' என்றால் ஒருமை. 'கொடி' என்றால் 'குடுங்க'. 'ஹேளு' என்றால் 'சொல்லு'. 'ஹேளி' என்றால் 'சொல்லுங்க'. 'பா' என்றால் 'வா'. 'பன்னி' என்றால் 'வாங்க'. தமிழ்க் காதுக்குக் 'கொடு' இயல்பாகவும் 'கொடி' வேறு ஏதோ பொருளாகவும் படுவதால் நாக்கு தானாக 'கொடு' என்றே போகும். அப்பா வயதுள்ள கண்டக்டரிடம் 'எரடு கொடு' என்றால் அவர் முகம் மாறுவதற்கு மொழி காரணமல்ல, அந்த 'உ' காரணம். கேள்வியிலும் இதே கதை: 'பர்தீரா' மரியாதை, 'பர்தீயா' நண்பர்களுக்குள். கல்லூரியிலோ ஆபீசிலோ நண்பர்கள் தங்களுக்குள் பேசுவதைக் கேட்டுக் கன்னடம் கற்றவர்கள் இந்த இரண்டாவது வடிவத்தைத் தெருவுக்கு எடுத்து வருவார்கள். கொச்சை, தப்பு இலக்கணம், பாதித் தமிழ் எதையும் ஊர் பொறுத்துக்கொள்ளும். ஒருமையைப் பொறுக்காது.

ஒலியில் கவனிக்க வேண்டியது ஒன்றுதான். தமிழ் எழுத்தில் எழுதும்போது ஒரே 'ப' இரண்டு ஒலிக்கு நிற்கிறது. 'பர்தீரா', 'பன்னி', 'பருத்தே' எல்லாவற்றிலும் முதல் ஒலி 'பாம்பு' என்பதில் இரண்டாவதாக வரும் 'ப'. 'கொத்து' (தெரியும்) என்பதன் முதல் ஒலி 'அங்கே' என்பதில் வரும் 'க'. ஆனால் 'கொடி' என்பதில் 'கல்' என்பதன் 'க'.

மூன்றாம் படி: சொல்லிவிட்டு நிறுத்துவது

முதல் வாக்கியத்தைச் சொன்னதும் வாயை மூடிக்கொள்ள வேண்டும். பலரும் தவறுவது இங்கேதான். கன்னடத்தில் கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் பதற்றத்தில் அதையே ஆங்கிலத்திலும் இந்தியிலும் அடுக்குவார்கள். அப்போது எதிரே இருப்பவருக்கு எதில் பதில் சொல்வதென்று தெரியாமல் போகும். நம்முடைய உச்சரிப்பைக் கேட்டவுடனேயே அவர் முடிவு செய்துவிடுவார்; பெங்களூர்க்காரருக்கு அது அன்றாட வேலை. அவர் பதிலின் முதல் இரண்டு சொற்களைக் கேட்டால் போதும்.

பதில் மெதுவான கன்னடத்தில் வந்தால், அவர் நமக்காக வேகத்தைக் குறைத்திருக்கிறார். அதிலேயே தொடரலாம். வேகமான கன்னடத்தில் வந்து புரியவில்லை என்றால், 'ஸ்வல்ப நிதானவாகி ஹேளி' (கொஞ்சம் மெதுவாகச் சொல்லுங்க) என்று கேட்கலாம். அல்லது மேலே சொன்ன 'நனகே கன்னட ஸ்வல்ப மாத்ர பருத்தே' இங்கே கைகொடுக்கும்.

பதில் தமிழில் வந்தால் தயங்காமல் தமிழுக்கு வந்துவிட வேண்டும். அவர் கதவைத் திறந்துவிட்டார். கன்னடம் பழகும் ஆசையில் அவர் தமிழுக்கு நாம் கன்னடத்தில் பதில் சொல்லிக்கொண்டிருந்தால், 'என் தமிழ் சரியில்லையா?' என்று அவருக்குத் தோன்றும். பழக விரும்பினால் அதை வாய்விட்டுச் சொல்லிவிட்டுப் பழகலாம். பெரும்பாலும் சந்தோஷமாகத் திருத்துவார்கள்.

பதில் இந்தியில் வந்தால் இரண்டு காரணம் இருக்கலாம். அவருக்கே கன்னடம் தெரியாமல் இருக்கலாம். அல்லது நம் கன்னடத்தைக் கேட்டு நம்மை வடக்கத்தியர் என்று எண்ணியிருக்கலாம். இரண்டாவதுதான் என்று பட்டால் 'தமிள் பருத்தா?' (தமிழ் தெரியுமா) என்று கேட்டால் தெளிந்துவிடும். உருது பேசும் பெங்களூர்க்காரர் பலருக்குத் தமிழும் கன்னடமும் சரளம். 'இவருக்கு இந்திதான் வரும்போல, இவருக்காக இந்தியில் பேசுவோம்' என்ற மரியாதை இரண்டு பக்கமும் ஓடி, இரண்டு பேருக்கும் சரியாக வராத மொழியில் பேச்சு சிக்கிக்கொள்வது இந்த ஊரின் தினசரி வேடிக்கை.

பதிலே வராமல் ஒரு நொடிக்கு மேல் மௌனமும் சுருங்கிய புருவமும் மட்டும் இருந்தால் வாக்கியம் போய்ச் சேரவில்லை. அப்போது ஒரே ஒரு மாற்று மொழியில், குரலை உயர்த்தாமல், அதே கேள்வியை இன்னும் சுருக்கமாகக் கேட்க வேண்டும்.

தமிழுக்கு மாற நாமே முன்கை எடுப்பதென்றால் கேட்டுவிட்டு மாறுவது நல்லது. 'தமிளல்லி ஹேளபஹுதா?' என்றால் 'தமிழில் சொல்லலாமா?' அனுமதி கேட்கும் இந்த வடிவம், 'தமிழ் தெரியுமா?' என்று தேர்வு வைப்பதைவிட மென்மையானது. தெரியாதவருக்கு 'தெரியாது' என்று சொல்லும் சங்கடமும் இல்லை.

எதை வைத்துக் கணிக்கலாம், எதை வைத்துக் கூடாது

விதியை மீறித் தமிழிலேயே தொடங்கச் சரியான சான்று ஒன்று உண்டு: அவர் தமிழ் பேசுவதை நம் காதால் கேட்டிருப்பது. செல்பேசியிலோ பக்கத்துக் கடைக்காரரிடமோ பேசியிருந்தால் நேரே தமிழில் 'அண்ணே, ஒரு நிமிஷம்' என்று போகலாம். அதிலும் ஒரு சிறு எச்சரிக்கை. அவர் வாடிக்கையாளரிடம் தமிழ் பேசியதைக் கேட்டிருந்தால் அது சேவைக்காக இருக்கலாம். தன் வீட்டாரிடமோ கூட வேலை செய்பவரிடமோ பேசியிருந்தால்தான் அது அவருடைய மொழி.

பகுதி ஓரளவு உதவும். பிரிட்டிஷார் 1809-ல் அமைத்த கன்டோன்மென்ட்டுக்குப் படையோடும் அதைச் சார்ந்த வேலைகளுக்கும் தமிழர்கள் பெருமளவில் வந்தார்கள். 1949 வரை அது தனி நிர்வாகமாக இருந்தது. அதனால்தான் அல்சூர், மர்ஃபி டவுன், ஃபிரேசர் டவுன், சிவாஜிநகர் பக்கம் தலைமுறை தலைமுறையாகத் தமிழ் கேட்கிறது. மேற்கே ஸ்ரீராமபுரம், ஓகளிபுரம் பக்கமும் அப்படியே. பசவனகுடி, மல்லேஸ்வரம், சாமராஜபேட்டை கன்னடம் அழுத்தமாக ஒலிக்கும் பழைய பேட்டைகள். சிக்பேட்டை மொத்தக் கடைகளில் மார்வாடியும் குஜராத்தியும் வீட்டுமொழியாக இருந்தாலும், வியாபாரத்துக்கு நல்ல கன்னடம் வைத்திருப்பார்கள். தமிழ் வாடிக்கையாளருக்குத் தமிழும் வரும். ஒயிட்ஃபீல்டு, மாரத்தஹள்ளி போன்ற ஐ.டி. பகுதிகளில் தெலுங்கும் இந்தியும் கூடுதல். இந்த வரைபடத்தை இரண்டாவது மொழியைத் தேர்ந்தெடுக்கத்தான் பயன்படுத்த வேண்டும், முதல் மொழிக்கு அல்ல. அல்சூரில் கன்னடம் போய்ச் சேரவில்லை என்றால் அடுத்து தமிழ்; மாரத்தஹள்ளியில் ஆங்கிலம் அல்லது இந்தி.

கடைப் பலகை எதையும் சொல்லாது. பெயர்ப்பலகையில் 60 விழுக்காடு கன்னடம் இருக்க வேண்டும் என்பது சட்டம். உள்ளே இருப்பவர் கோழிக்கோட்டுக்காரராக இருக்கலாம். செயலியில் தெரியும் ஓட்டுநர் பெயரும் அப்படியே. மஞ்சுநாத் என்று இருந்தால் கன்னடராக இருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் ரவி, குமார், ரமேஷ் எல்லா மொழிக்கும் பொது.

தொப்பியையும் தாடியையும் பார்த்து இந்தியில் தொடங்குவதும், நிறத்தைப் பார்த்துத் தமிழில் தொடங்குவதும்தான் மோசமான கணிப்புகள். இந்த நகரத்து முஸ்லிம்களில் தமிழ், மலையாளம், கன்னடம் வீட்டில் பேசுபவர்கள் இருக்கிறார்கள். நிறத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கணிப்பு சரியாக அமைந்தாலும், எதை வைத்துக் கணித்தோம் என்பது அவருக்குப் புரிந்துவிடும்.

விதிக்கு நியாயமான விலக்கு என்றால் அடுக்குமாடி வாசல் காவலாளிதான். அசாம், ஒடிசா, பீகார், நேபாளம் என்று வெகு தொலைவிலிருந்து வந்தவர்கள் இந்த வேலையில் நிறைய. முதலில் 'நமஸ்தே' என்று சொல்லிப் பார்க்கலாம். அது 'நமஸ்காரா'வுக்கும் அருகில் இருப்பதால் கன்னடக் காவலாளியிடமும் பழுதில்லை. பிறகு வீட்டு எண்ணைச் சொன்னால் போதும், மொழி அதிகம் தேவைப்படாது.

ஒரு பேச்சை முழுதாகப் பார்ப்போம்

கே.ஆர். மார்க்கெட்டில் பூ வாங்குவதாக வைத்துக்கொள்வோம். நடுத்தர வயதுப் பெண்மணி ஒருவர் மல்லிகையை அளந்துகொண்டிருக்கிறார். பக்கத்துக் கடைக்காரரிடம் தெலுங்கில் ஏதோ சொல்கிறார். முன்னால் நின்ற வாடிக்கையாளரிடம் கன்னடத்தில் விலை சொன்னார். அவருடைய மொழி தெலுங்கு என்று தெரிந்துவிட்டது. நமக்குத் தெலுங்கு தெரியாது. கன்னடத்தில் வியாபாரம் செய்கிறார் என்பதும் தெரிந்தது. ஆகவே:

'அம்மா, மல்லிகே மொள எஷ்டு?'

முழம் அங்கே 'மொள'. 'நலவத்து' என்கிறார். நாற்பது. கன்னட எண்களில் தமிழர்கள் ஏமாறும் இடம் எழுபதும் எண்பதும். 'எப்பத்து' என்றால் எழுபது, 'எம்பத்து' என்றால் எண்பது. 'எப்பத்து' என்று கேட்டதை 'எண்பது' என்று எடுத்துக்கொண்டு பத்து ரூபாய் கூடக் கொடுத்துவிட்டு நிற்பவர்கள் உண்டு. சந்தேகம் வந்தால் விரலைக் காட்டியோ ஆங்கிலத்திலோ எண்ணைத் திருப்பிச் சொல்லி உறுதி செய்துகொள்ளலாம். எண்ணுக்கு மட்டும் மொழி மாறுவதை யாரும் வேறு மாதிரி எடுத்துக்கொள்வதில்லை.

'மூவத்தக்கே கொடி.' முப்பதுக்குக் குடுங்க.

அவர் உச்சரிப்பைக் கேட்டுவிட்டார். 'கட்டாதும்மா. ரெண்டு மொழமா எடுத்துக்கோ, எழுவதுக்குத் தர்றேன்.' தமிழ் வந்துவிட்டது. இனித் தமிழ்தான். அவர் 'எடுத்துக்கோ' என்று ஒருமையில் சொன்னதற்காக நாமும் ஒருமைக்கு இறங்கக் கூடாது. அது வயதின் உரிமை. 'சரிம்மா, குடுங்க' என்று முடித்துக்கொள்ளலாம்.

நேரே தமிழில் தொடங்கியிருந்தாலும் இதே பூ இதே விலைக்குக் கிடைத்திருக்கக்கூடும். வேறுபாடு என்னவென்றால், இப்போது தமிழுக்கு வந்தது அவருடைய முடிவு.

தமிழை அடக்கி வாசிக்க வேண்டிய நாட்கள்

காவிரி விவகாரம் கொதிக்கும்போது மேலே சொன்ன விலக்குகள் எல்லாம் தற்காலிகமாக ரத்து. 1991 டிசம்பரிலும் 2016 செப்டம்பரிலும் நகரத்தில் வன்முறை நடந்தது; 2016-ல் தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட பேருந்துகள் எரிக்கப்பட்டன. அல்சூரில் மூடியே கிடந்த திருவள்ளுவர் சிலை 18 ஆண்டுகள் கழித்து 2009 ஆகஸ்டில்தான் திறக்கப்பட்டது. அப்படிப்பட்ட நாட்களில் தெரியாதவரிடம் கன்னடம், அது முடியாவிட்டால் ஆங்கிலம். செல்பேசியில் உரக்கத் தமிழ் பேசுவதையும் தவிர்த்துவிடலாம். எதிரே இருப்பவரே தமிழுக்கு வந்தாலும் அவர் குரலின் அளவுக்கே நம் குரலும் இருக்கட்டும். சுற்றி நிற்பவர்கள் யாரென்று நம்மைவிட அவருக்குத் தெரியும். மற்ற நாட்களில் இந்தக் கவலை தேவையில்லை. ஆண்டு முழுவதும் பயந்துகொண்டே திரிவது ஊரைத் தப்பாகப் புரிந்துகொள்வது.

முகம் தெரியாத பேச்சு: தொலைபேசி

டெலிவரி ஆளோ ஆட்டோ ஓட்டுநரோ கூப்பிடும்போது மொழியைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு கூப்பிட்டவருடையது. 'ஹலோ' என்று மட்டும் சொல்லிவிட்டுக் காத்திருக்க வேண்டும். அவர் கன்னடத்தில் தொடங்கினால் 'ஹேளி' என்று ஒரு சொல் போதும். 'சொல்லுங்க' என்று பொருள், வணக்கமும் அதுவே. அவர் இந்தியில் தொடங்கி நமக்கு இந்தி வராவிட்டால், 'இந்தி கொத்தில்ல, கன்னட, தமிள், இங்கிலீஷ்' என்று மொழிகளை வரிசையாகச் சொல்லி அவரைத் தேர்ந்தெடுக்க விட்டால் பேச்சு நேராகிவிடும்.

நாம் கூப்பிடும்போது 'சார்' சேர்த்து ஒரு கன்னட வாக்கியம், பிறகு நிறுத்தம், நேரில் செய்வது போலவே. முகமும் கையும் தெரியாததால் மௌனத்தைப் புரிந்துகொள்வது மட்டும் கடினம். போக்குவரத்துச் சத்தத்தில் கேட்காமல் போயிருக்கலாம் என்பதால் இங்கே மட்டும் ஒருமுறை அதே கன்னட வாக்கியத்தைத் திருப்பிச் சொல்லிவிட்டு மாறலாம். ஓ.டி.பி.யையும் வீட்டு எண்ணையும் எந்த மொழியில் பேசிக்கொண்டிருந்தாலும் ஆங்கிலத்தில், ஒவ்வொரு இலக்கமாகச் சொல்ல வேண்டும். 'நாற்பத்தேழு' என்று சேர்த்துச் சொன்னால் தமிழர் அல்லாதவருக்கு அது எண்ணாகவே கேட்காது.